வேரிலிருந்து வாசிப்பு, இலையிலிருந்து கட்டுமானம்: ஹஃப்மன் மரம் குறித்து

மோர்ஸ் தந்திக் குறிமுறையில் ஆங்கில எழுத்தான 'ஈ'க்கு ஒரு புள்ளி. 'டீ'க்கு ஒரு கோடு. 'ஏ'க்கு ஒரு புள்ளியும் ஒரு கோடும். மிகுதியாக வரும் எழுத்துக்குக் குறுகிய குறியீடு, அரிதாக வரும் எழுத்துக்கு நீண்ட குறியீடு என்னும் சிக்கனம் அதில் அன்றே இருந்தது. ஆனால் புள்ளியும் கோடும் அடுத்தடுத்து வந்தால் அது 'ஏ' என்னும் ஓரெழுத்தா, 'ஈ', 'டீ' என்னும் ஈரெழுத்தா என்பதை அவற்றைக் கொண்டு மட்டும் சொல்ல இயலாது. தந்தியாளர் எழுத்துகளுக்கு இடையே விடும் சிறு மௌனமே அதைத் தீர்த்துவைக்கிறது. ஆகவே மோர்ஸ் குறிமுறை இரண்டு அடையாளங்களால் ஆனதன்று. மௌனம் அதன் மூன்றாவது அடையாளம்.

கணினியின் நினைவகத்தில் மௌனம் கிடையாது. அங்கே 0 உண்டு, 1 உண்டு, வேறொன்றும் இல்லை. குறியீடுகளின் நீளம் எழுத்துக்கு எழுத்து மாறவும் வேண்டும், ஓர் எழுத்து எங்கே முடிகிறது என்பது பிரிப்பான் இன்றித் தெரியவும் வேண்டும் என்றால் ஒரு நிபந்தனை போதும்: எந்த எழுத்தின் குறியீடும் மற்றோர் எழுத்தின் குறியீட்டுக்குத் தொடக்கமாக அமையக் கூடாது. இதை நிறைவுசெய்வதே முன்னொட்டுக் குறிமுறை எனப்படுகிறது. இந்நிபந்தனையை ஒரு மரமாக வரைந்தால் அது கண்ணுக்கே புலப்பட்டுவிடும். வேரிலிருந்து இடக்கிளைக்குப் போனால் 0, வலக்கிளைக்குப் போனால் 1 என்று கொள்ளலாம். எழுத்துகள் அனைத்தும் இலைகளில் மட்டுமே இருக்கும். ஓர் இலைக்குக் கீழே வேறு எதுவும் இல்லாமையால், ஓர் எழுத்துக்குச் செல்லும் பாதை இன்னோர் எழுத்துக்குச் செல்லும் பாதையின் முற்பகுதியாக ஒருபோதும் இராது.

அப்படிப்பட்ட மரங்கள் எத்தனையோ இருக்கலாம். எழுத்துகளின் நிகழ்வெண்கள் தரப்பட்டால், மொத்த பிட்டுகளை மிகக் குறைவாக்கும் மரம் எது என்பதே கேள்வி. 1951இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தகவல் கோட்பாடு கற்பித்த ராபர்ட் ஃபானோ, தம் மாணவர்களுக்கு ஒரு தெரிவை அளித்தார்: இறுதித் தேர்வை எழுதலாம், அல்லது ஓர் ஆய்வுக் கட்டுரையைச் சமர்ப்பிக்கலாம். கட்டுரைக்குரிய வினாவாக அமைந்தது இக்கேள்விதான். அது அதுவரை தீர்க்கப்படாதது என்பதையும், தாமும் கிளாட் ஷானனும் அதனோடு போராடியவர்கள் என்பதையும் ஃபானோ சொல்லவில்லை. டேவிட் ஹஃப்மன் என்னும் ஆய்வு மாணவர் கட்டுரையைத் தேர்ந்தெடுத்தார். மாதக்கணக்கில் முயன்றும், தாம் உருவாக்கிய எந்த முறையும் மிகச் சிறந்தது என்று நிறுவ அவரால் முடியவில்லை. இனித் தேர்வுக்குப் படிப்பதே வழி என்று குறிப்புத்தாள்களைக் குப்பையில் எறிய முனைந்த வேளையில்தான் விடை தோன்றியது என்பது அவரே பின்னாளில் கூறிய செய்தி. 1952இல் அக்கட்டுரை வெளிவந்தது.

ஆசிரியரின் முறைக்கும் மாணவரின் முறைக்கும் இடையே இருந்த வேறுபாடு கணக்கில் அன்று, திசையில் இருந்தது. அதை ஒரு சிறு எடுத்துக்காட்டில் முழுவதும் காணலாம்.

ஐந்தே எழுத்துகளால் ஆன ஓர் உரை இருப்பதாகக் கொள்ளலாம். அதில் 'ம்' 17 முறையும், 'ப' 8 முறையும், 'க' 7 முறையும், 'ட', 'ர' ஆகிய இரண்டும் தலா 6 முறையும் வருகின்றன. மொத்தம் 44 எழுத்துகள். எல்லா எழுத்துக்கும் ஒரே நீளம் என்றால், ஐந்து எழுத்துகளைப் பிரித்தறிய மூன்று பிட்டுகள் தேவை. மொத்தம் 132 பிட்டுகள்.

ஃபானோவின் முறை மேலிருந்து கீழே செல்வது. எழுத்துகளை நிகழ்வெண் வரிசையில் அடுக்கி, இரு பக்கத்தின் கூட்டுத்தொகையும் இயன்றவரை சமமாக இருக்கும் இடத்தில் வெட்ட வேண்டும். 'ம்' மட்டும் ஒரு பக்கம் என்றால் 17க்கு எதிராக 27, வேறுபாடு 10. 'ம்', 'ப' ஒரு பக்கம் என்றால் 25க்கு எதிராக 19, வேறுபாடு 6. ஆகவே இரண்டாவது வெட்டே சிறந்ததாகத் தோன்றும். பின் ஒவ்வொரு பாதியையும் அவ்வாறே பிளந்தால் 'ம்', 'ப', 'க' மூன்றுக்கும் இரண்டு பிட்டுகளும், 'ட', 'ர' இரண்டுக்கும் மூன்று பிட்டுகளும் கிடைக்கின்றன. மொத்தம் சரியாக 100 பிட்டுகள்.

ஹஃப்மனின் முறை கீழிருந்து மேலே வருவது. மிக அரிய இரண்டை எடுத்து ஒரே கணுவின் கீழ் இணைக்க வேண்டும்; அக்கணுவின் எடை அவ்விரண்டின் கூட்டுத்தொகை. பின் அந்தக் கணுவையே ஓர் எழுத்தைப் போலப் பட்டியலில் சேர்த்துவிட்டு, அதே செயலைத் திரும்பச் செய்ய வேண்டும். முதலில் 'ட', 'ர' இணைந்து 12 ஆகின்றன. எஞ்சியவற்றுள் மிகச் சிறியவை 'ப'வும் 'க'வும். அவை இணைந்து 15. இப்போது பட்டியலில் 17, 15, 12 மட்டுமே உள்ளன. 12ம் 15ம் இணைந்து 27. அந்த 27ம் 'ம்'மின் 17ம் இணைந்து 44, அதுவே வேர். கிடைக்கும் குறியீடுகள் இவை:

```
ம்  0
ப   100
க   101
ட   110
ர   111
```

'ம்' 17 முறை ஒரு பிட், மற்ற 27 எழுத்துகள் மூன்று பிட் வீதம் 81, மொத்தம் 98. இதைச் சரிபார்க்க எளிய வழி ஒன்றும் உண்டு. ஒவ்வொரு முறை இணைக்கும்போதும், இணைந்த கணுவுக்குக் கீழே உள்ள எல்லா எழுத்துகளின் பாதையும் ஒரு பிட் நீள்கிறது. ஆகவே இணைப்பில் தோன்றிய எடைகளைக் கூட்டினாலே மொத்தச் செலவு வந்துவிடும்: 12, 15, 27, 44 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 98.

இரண்டு பிட் சேமிப்பு சிறிதே. ஆனால் அந்த இரண்டு பிட்டுகள் எங்கே இழக்கப்பட்டன என்பது கவனத்துக்குரியது. ஃபானோவின் முதல் வெட்டு, சமநிலையை நாடி 'ப'வை 'ம்'முடன் சேர்த்தது. சேர்த்த அக்கணமே 'ம்'முக்கு ஒற்றை பிட் கிடைக்கும் வாய்ப்பு போய்விட்டது. கீழே என்ன நடக்கப்போகிறது என்பதை அறியாமல், மேலே முதலில் எடுக்கப்பட்ட முடிவு அது. பின்வந்த எந்த வெட்டாலும் அதை மீட்க இயலவில்லை.

கீழிருந்து தொடங்கும்போது முதல் முடிவு ஏன் தவறாகாது? மிகச் சிறந்த மரம் ஒன்று எப்படியோ கையில் கிடைத்துவிட்டதாகக் கொள்ளலாம். அதன் மிக ஆழத்தில் உள்ள ஓர் இலைக்குக் கட்டாயம் ஓர் உடன்பிறப்பு இருக்கும்; இல்லாவிடில் அந்த இலையை ஒரு படி மேலே ஏற்றிச் சில பிட்டுகளை மிச்சப்படுத்தியிருக்கலாம், அப்போது அது மிகச் சிறந்த மரமே அன்று. அந்த ஆழத்தில் ஓர் அடிக்கடி வரும் எழுத்து இருந்து, அரிய எழுத்து மேலே இருந்தால், இரண்டையும் இடம் மாற்றினால் செலவு குறையுமே தவிரக் கூடாது. ஆகவே, மிக அரிய இரண்டு எழுத்துகளும் மிக ஆழத்தில் உடன்பிறப்புகளாக இருக்கும் சிறந்த மரம் ஒன்று நிச்சயம் உண்டு. அவ்விரண்டையும் இணைத்து ஓரெழுத்தாகக் கருதினால், ஓர் எழுத்து குறைந்த அதே வினா எஞ்சுகிறது. அதற்கும் இதே வாதம் பொருந்தும். ஹஃப்மன் மாதக்கணக்கில் தேடிய நிறுவல் இவ்வளவு சுருங்கியது. மேலிருந்து வெட்டும் முறைக்கு இத்தகைய வாதம் இல்லை. அங்கே முதல் முடிவு ஓர் ஊகம், இங்கே அது கட்டாயம்.

கட்டுவது கீழிருந்து, வாசிப்பதோ வேரிலிருந்து. 'படம்', 'கரம்' என்னும் இரு சொற்களையும் இடைவெளியின்றிக் குறியேற்றினால் 10011001011110 என்னும் 14 பிட்டுகள் கிடைக்கும். வாசிப்பவர் வேரில் நிற்கிறார். முதல் பிட் 1: வலம். அடுத்து 0: இடம். அடுத்து 0: இடம்; அங்கே 'ப' என்னும் இலை. அதை எழுதிவிட்டு வேருக்குத் திரும்ப வேண்டும். பின் 1, 1, 0: 'ட'. மீண்டும் வேர். அடுத்த பிட் 0: ஒரே அடியில் 'ம்'. எங்கே வெட்டுவது என்று முன்னோக்கிப் பார்க்க வேண்டியதில்லை, பின்னோக்கித் திருத்தவும் வேண்டியதில்லை. இலையைத் தொட்டதே எழுத்து முடிந்ததற்கான அறிவிப்பு. நிரலாக எழுதினாலும் அது இவ்வளவே:

```
n = root
for b in bits:
    n = n.right if b == '1' else n.left
    if n.is_leaf:
        out.append(n.sym)
        n = root
```

இந்த ஆறு வரிகளை வகுப்பில் எழுதியதும் பாடம் முடிந்துவிட்டது என்று பலரும் கருதுவர். உண்மையான இடர்கள் அதன் பிறகே தொடங்குகின்றன.

முதல் இடர் முடிவில் வருகிறது. கோப்புகள் பைட் கணக்கில் சேமிக்கப்படுவதால், 14 பிட்டுகளை இரண்டு பைட்டுகளில், அதாவது 16 பிட் இடத்தில் வைக்க வேண்டும். எஞ்சிய இரண்டு இடங்களில் வழக்கப்படி 0 நிரப்பப்படும். மேற்கண்ட நிரலுக்கு அவை நிரப்பு என்பது தெரியாது. ஒவ்வொரு 0மும் வேரிலிருந்து 'ம்'முக்குச் செல்லும் முறையான பாதையே. ஆகவே வாசிக்கப்படும் உரை 'படம்கரம்ம்ம்' என்று முடியும். உரையின் கடைசியில் மட்டும், அதுவும் மிகுதியாக வரும் ஓர் எழுத்து, சில வேளைகளில் மட்டும் கூடுதலாகத் தோன்றினால், பெரும்பாலும் காரணம் இதுதான். இதற்கு இரு தீர்வுகள் உண்டு. எழுத்துகளின் எண்ணிக்கையை முன்பே எழுதிவைக்கலாம். அல்லது 'உரை முடிந்தது' என்பதற்கே மரத்தில் ஓர் இலை ஒதுக்கலாம். ஜிப் கோப்புகளிலும் பிஎன்ஜி படங்களிலும் உள்ள டிஃப்ளேட் முறை இரண்டாவதைப் பின்பற்றுகிறது: 0 முதல் 255 வரை பைட்டுகளுக்குரியவை, 256 என்னும் குறி தொகுதி முடிந்ததைச் சொல்வதற்கே உள்ளது.

இரண்டாவது இடர் இன்னும் நுட்பமானது. வழியில் ஒரே ஒரு பிட் தலைகீழானால் என்ன ஆகும்? மேற்கண்ட 14 பிட்டுகளில் ஏழாவது பிட்டை 0இலிருந்து 1 ஆக்கினால், 'படடர' என்று வாசித்தபின் எஞ்சும் இரண்டு பிட்டுகள் வாசிப்பவரை மரத்தின் நடுவே ஒரு கணுவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். இலையை அடையாமல் பிட்டுகள் தீர்ந்துபோனதால், பிழை நேர்ந்தது என்பது தெளிவு. ஆனால் மூன்றாவது பிட்டை மாற்றினால் கிடைப்பது 'கடம்கரம்'. ஆறாவதை மாற்றினால் 'பரம்கரம்'. இவை இரண்டும் முறையாக முடிகின்றன. நல்ல தமிழ்ச் சொற்களாகவும் இருக்கின்றன. மரத்தில் வெற்றுக் கிளை ஒன்றும் இல்லாமையால், எந்தப் பிட் வரிசையும் எங்கோ ஓர் இலைக்கு இட்டுச் சென்றே தீரும். வீணான குறியீடு ஒன்றுமில்லை என்பதே இம்முறையின் சிக்கனம். பிழையைக் காட்டிக்கொடுக்கும் குறியீடு ஒன்றுமில்லை என்பதும் அதே காரணத்தாலேயே. அதனால்தான் ஜீஜிப் போன்ற வடிவங்கள், விரித்த உரைக்குத் தனியே ஒரு சரிபார்ப்புத் தொகையைச் சேர்த்து அனுப்புகின்றன. அந்தப் பொறுப்பை மரம் ஏற்பதில்லை.

மூன்றாவது இடர் மரத்தையே பற்றியது. வாசிப்பவரிடமும் அதே மரம் இருந்தாக வேண்டும். நிகழ்வெண் பட்டியலை மட்டும் அனுப்பி, இருபுறமும் தனித்தனியே மரத்தைக் கட்டிக்கொள்ளலாம் என்பது பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. இந்த எடுத்துக்காட்டில் 'ட'வுக்கும் 'ர'வுக்கும் ஒரே நிகழ்வெண். ஒருவரின் நிரல் 'ட'வை இடத்திலும், மற்றவரின் நிரல் 'ர'வை இடத்திலும் வைத்தால், இரண்டு மரங்களும் சமமாகச் சிறந்தவையே. இரண்டுக்கும் செலவு 98 பிட்டுகளே. ஆயினும் அனுப்பியவரின் 'படம்' பெறுபவரிடம் 'பரம்' ஆகிவிடும். சிறந்த மரம் ஒன்றே ஒன்றன்று என்பதன் விளைவு இது. ஒரே கணினியில் சோதித்தபோது சரியாக இயங்கிய நிரல், வேறு மொழியில் எழுதப்பட்ட வாசிப்பானுடன் சேர்ந்ததும் சில எழுத்துகளை மட்டும் மாற்றி மாற்றிக் காட்டினால், சம எடைகளை இரண்டும் எப்படிக் கையாள்கின்றன என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

நடைமுறைத் தீர்வு எளியது. மரத்தின் வடிவத்தை மறந்துவிட்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் எத்தனை பிட் என்பதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்: 'ம்'முக்கு ஒன்று, மற்ற நான்குக்கும் மூன்று. பின் குறுகியது முதல் நீண்டது வரை, ஒரே நீளமுடையவற்றுள் அகரவரிசைப்படி, எண்களை வரிசையாக வழங்கிவிடலாம். அப்போது 'ம்' 0, 'க' 100, 'ட' 101, 'ப' 110, 'ர' 111 என்று அமையும். செலவு மாறவில்லை, நீளங்களை அறிந்த எவரும் இதே அட்டவணையைத்தான் அடைவார்கள். டிஃப்ளேட் முறையில் கோப்போடு பயணிப்பது மரம் அன்று, இந்த நீளங்களே.

இறுதியாக, இந்த மரத்தால் எது இயலாது என்பதையும் சொல்ல வேண்டும். ஷானனின் கணக்குப்படி, இந்த 44 எழுத்துகளை அவற்றின் நிகழ்வெண்களை மட்டும் கொண்டு சுருக்குவதற்கான கீழெல்லை ஏறத்தாழ 96 பிட்டுகள். ஹஃப்மன் மரம் 98இல் நின்றுவிடுகிறது. 'ம்'முக்கு உரிய நியாயமான செலவு ஏறத்தாழ 1.37 பிட்; மரத்தில் அரைகுறைக் கிளை கிடையாது என்பதால் ஒன்றோ இரண்டோதான் தர முடியும். எழுத்துக்கு எழுத்து முழு பிட்டுகளாகக் குறியிடும் முறைகளுள் இதைவிடச் சிறந்தது இல்லை என்பதே ஹஃப்மன் நிறுவியது. அந்த நிபந்தனையைத் தளர்த்தும் எண்கணிதக் குறிமுறை போன்றவை கீழெல்லையை இன்னும் நெருங்க முடியும்.

இந்த வரம்பு தமிழ் உரையில் தெளிவாக வெளிப்படுகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 'ம்' ஓரெழுத்தாகக் கொள்ளப்பட்டது. யூனிகோடில் அது மகரம், புள்ளி என இரண்டு குறிகள். UTF-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள். 'படம்' என்பது கண்ணுக்கு மூன்றெழுத்து. கோப்பில் 12 பைட்டுகள். அந்தப் பன்னிரண்டில் நான்கு பைட்டுகள் ஒரே `E0`, நான்கு `AE`, ஒன்று `AF`. பைட்டுகளின் நிகழ்வெண்களை எண்ணி மரம் கட்டினால், தமிழ் மட்டுமே உள்ள உரையில் மூன்றில் ஒரு பங்கு இடத்தை `E0` பிடித்துக்கொள்கிறது. அது அடுத்து வரும் என்பது முன்கூட்டியே தெரிந்ததுதான். அதனால் அது எச்செய்தியையும் தருவதில்லை. ஆயினும் ஒவ்வொரு முறையும் அதற்குக் குறைந்தது ஒரு பிட் செலுத்தியே ஆக வேண்டும், ஏனெனில் வேரிலிருந்து ஓர் இலைக்குச் செல்லக் குறைந்தது ஓர் அடி எடுத்துவைத்தாக வேண்டும். டிஃப்ளேட் போன்ற முறைகள் திரும்பத் திரும்ப வரும் பைட் தொடர்களை முதலில் நீக்கிவிட்டு, எஞ்சியதை மட்டும் மரத்திடம் தருவது இதற்காகவும்தான்.

எத்தனை முறை வருகிறது என்பது மட்டுமே இந்த மரத்துக்குத் தெரியும். எதற்குப் பின் எது வருகிறது என்பது தெரியாது. எதை ஓரெழுத்தாக எண்ணுவது என்பதையும் அது முடிவுசெய்வதில்லை. அதை எண்ணத் தொடங்கும் முன்பே மனிதர் முடிவுசெய்துவிடுகிறார். மரம் அதன் பிறகே தன் இரண்டு அரிய இலைகளைத் தேடத் தொடங்குகிறது.